நேட்டாலிலிருந்து வந்த அதிகாரப் பத்திரம்

தங்கவயலில் எனக்குத் தெரிந்த சட்டங்கள் இரண்டு. ஒன்று நான் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவாகப் படித்துத் தெரிந்துகொண்டது. மற்றது துரையின் கையெழுத்து. லைன் வீடு வேண்டுமா, லீவு வேண்டுமா, பாஸ் வேண்டுமா, எல்லாம் துரை கையெழுத்தில் நடந்தது. அதனால் உலகம் முழுவதும் அப்படித்தான் நடக்கிறது என்று சுரங்கத்து ஜனங்கள் நம்பினார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. அவர்கள் கண்ட உலகத்தில் அது உண்மைதான்.

தங்கவயலுக்கு ரயில் வந்து சில வருஷங்களுக்குள் நடந்தது இது. ஊரிகம் சுரங்கத்துக் கூலி லைனில் ஒரு விதவை இருந்தாள். புருஷன் சுரங்கத்தில் பாறை சரிந்து இறந்தவன். புருஷன் போனால் லைன் வீடும் போகும். மேஸ்திரி இரக்கப்பட்டு, காலி செய்யும் நாளைத் தள்ளித் தள்ளிக் கொண்டுவந்தான். அவளுடைய அண்ணன் தென்னாப்பிரிக்காவில் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போய், ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கிவிட்டவன். கல்யாணம் ஆகாதவன். கப்பலேறுமுன் சொந்தச் சம்பாத்தியத்தில் குடியாத்தம் பக்கம் ஒரு வீடும் அதையடுத்து அரைக் காணி நிலமும் வாங்கியிருந்தான். இவள் புருஷன் சாவுக்குக் கம்பெனி கொடுத்த பணத்தைப் பாதிரியார் மூலம் அண்ணனுக்கு அனுப்பினாள். வீட்டையும் நிலத்தையும் அவளுக்கே கிரயம் செய்து கொடுப்பதாக அவனும் எழுதினான். கப்பலேறி வந்து கிரயம் எழுத முடியாது. ஆகவே, மூன்றாவது உடன்பிறப்பான தம்பிக்கு அதிகாரப் பத்திரம் அனுப்பவேண்டும். தம்பி இங்கேயே மைசூர் மைன்ஸில் சுரங்கக் கூரைக்கு மரத் தாங்கு வைக்கும் வேலையில் இருந்தான்.

லைனில் மனுவும் கடிதமும் எழுதித் தரும் ரைட்டர் நான்; பத்திரத்தின் வாசகத்தையும் நான்தான் எழுதினேன். இன்ன சொத்தை இன்னாருக்குக் கிரயம் செய்யவும், ரிஜிஸ்தர் கச்சேரியில் ஆஜராகிப் பதியவும் தம்பிக்கு அதிகாரம் என்று. கூடவே ஒரு கடிதம்: கடல் கடந்த இடத்தில் எழுதும் பத்திரம், அங்குள்ள மாஜிஸ்திரேட் அல்லது நோட்டரி முன்னிலையில் கையெழுத்தாகி, அவர் சான்று எழுதி முத்திரை வைத்தால்தான் இங்கே ரிஜிஸ்திரார் ஏற்பார்.

நாலு மாதம் கழித்துப் பத்திரம் வந்தது. அண்ணன் கையெழுத்தாகப் போட்ட கீறலுக்குக் கீழே அழகான இங்கிலீஷில் ஒரு கையெழுத்து. தோட்டத்துத் துரையுடையது.

“இது உதவாது” என்றேன்.

“தொரையே போட்டுக்கிறாரே ரைட்டரய்யா. அதுக்கு மேல இன்னா வேணும்?” என்றான் தம்பி.

“மாஜிஸ்திரேட் வேணும்.”

“அந்தத் தொரை கூப்ட்டா மாஜிஸ்ட்ரேட்டு ஓடியாருவாராம். எங்கண்ணன் எழுதிக்கிறான்.”

“ஓடி வந்து கையெழுத்துப் போட்டிருந்தால் சரி. வரவில்லையே.”

“இவருக்கு எதுலயும் ஓட்டை தெரியும்” என்றாள் அக்கா தம்பியிடம். “சட்டிய அடுப்புல வெக்கறதுக்கு முன்னாலயே ஓட்டையத் தேடுவாரு.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் அது புகழ்ச்சியாகவே பட்டது.

மறுபடி எழுதினோம். மறுபடி நாலு மாதம். மேஸ்திரியின் இரக்கம் குறைந்துகொண்டே வந்தது. இந்தத் தடவை பத்திரம் மாஜிஸ்திரேட் சான்றோடும் சிவப்பு அரக்கு முத்திரையோடும் குறையில்லாமல் வந்தது. வெளிதேசத்தில் எழுதிய பத்திரம் பிரிட்டிஷ் எல்லைக்குள் வந்த மூன்று மாதத்துக்குள் ஸ்டாம்பு வைத்தாக வேண்டும். நாங்கள் இருப்பதோ மைசூர் சமஸ்தானம்; குடியாத்தம்தான் பிரிட்டிஷ் எல்லைக்குள். எல்லையைத் தாண்டிய நாளிலிருந்துதான் கணக்கு என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் தாமதிக்காமல் ஒரு நாள் லீவு போட்டு, சித்தூர் கலெக்டர் கச்சேரியில் ஸ்டாம்பு வைத்துக்கொண்டு வந்தேன். கிரயப் பத்திரத்தையும் எழுதி முடித்தேன். திங்கட்கிழமை காலை ரயிலில் மூவரும் குடியாத்தம் போவதென்று ஏற்பாடு.

சனிக்கிழமை தபாலில் நேட்டாலிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. பதில் விலாசம் எப்போதும் என்னுடையதுதான். அண்ணனோடு வேலை செய்தவன் எழுதியிருந்தான். முத்திரை வைத்துவிட்டு வந்த இரண்டாம் வாரமே ஜுரம் கண்டு அண்ணன் இறந்துபோனான்.

அதிகாரம் கொடுத்தவன் இறந்தால் அதிகாரமும் முடிந்தது. இது எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியாத ஒன்றும் சட்டத்தில் உண்டு. இறந்த செய்தி எட்டுமுன் முகவன், அதாவது அதிகாரம் பெற்றவன், தெரியாமல் செய்த காரியம் நிற்கும். தம்பிக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன். நான் முகவனும் அல்ல, வாங்குபவனும் அல்ல. திங்கட்கிழமை மாலை வரை அந்தக் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்களைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். மனசாட்சி என்று அப்போது அதற்குப் பெயர் வைத்திருந்தேன். உடன்பிறந்தவன் சாவை ஒளிக்கலாமா, தம்பி எங்கே ஓடிவிடப் போகிறான், வேறு வழியில் எழுதிக் கொடுக்கமாட்டானா என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் தரையில் விழுந்து அழுதாள். அவன் அழவில்லை. பத்திரத்தைப் பார்த்துக் கேட்டான்.

“அப்ப அந்த பேப்பரு இன்னா ஆவும், ரைட்டரய்யா?”

“செல்லாது.”

“ஊடும் நெலமும்?”

“வாரிசுக்குப் போகும்.”

“வாரிசுன்னா யாரு?”

அங்கே நான் நிறுத்தியிருக்கலாம். தெரியாது, வக்கீலைக் கேட்கவேண்டும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எந்தக் கேள்விக்கும் தெரியாது என்று சொன்ன பழக்கம் எனக்கில்லை. பெண்டாட்டி பிள்ளை இல்லாதவன், தாய் தகப்பன் இல்லை, ஹிந்து சட்டப்படி சகோதரன்தான் வாரிசு, சகோதரன் இருக்கச் சகோதரிக்கு இல்லை என்று வரிசையாக, கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். அவன் கவனமாகக் கேட்டுக்கொண்டான். நேட்டாலுக்கு எழுதிய எந்த வாசகத்தையும் அவன் அப்படிக் கேட்டதில்லை.

“அழாத அக்கா. பாத்துக்கலாம்” என்றான்.

அவன் பார்த்துக்கொண்டது பட்டாவை. கருமாதி முடிந்ததும், தன் பேருக்கு மாற்ற மனு எழுதித் தரும்படி என்னிடமே வந்தான்.

“உன் அக்காவின் பணம் அண்ணனிடம் போயிருக்கிறது. அவன் ஒப்புக்கொண்டதை நீதான் நிறைவேற்ற வேண்டும். அதுவும் சட்டம்தான்” என்றேன்.

“வாங்கினவன் போயிட்டான். நான் வாங்கினனா? நீங்கதான சொன்னீங்க, எனக்குத்தான்னு.”

மனு எழுத மறுத்தேன். கடைத்தெருவில் ஒருவன் எழுதிக் கொடுத்தான். இரண்டு இடத்தில் சர்வே நம்பர் தப்பு. மனு தடையில்லாமல் நிறைவேறியது.

அவளிடம் வழக்குப் போடலாம் என்றேன். பணம் வந்து சேர்ந்ததென்று அண்ணன் எழுதிய கடிதம் இருக்கிறது, நானே சாட்சி சொல்கிறேன் என்றேன்.

“தம்பி மேல கேஸா? நாளைக்கு நான் செத்தா தூக்கிப் போட யாரு, நீங்களா?” என்றாள். அந்த மாதமே லைன் வீட்டைக் காலி செய்தாள். தங்கவயலிலேயே கோரமண்டல் பகுதியில் ஒரு துரை பங்களாவில் பாத்திரம் துலக்கி, குதிரை லாயத்தை ஒட்டிய அறையில் இருந்தாள்.

சில வருஷம் கழித்து ஒரு நாள் அந்த அதிகாரப் பத்திரத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். அரக்கு உடையாமல் இருந்தது.

“எங்கண்ணன் தொரைய வுட்டுட்டு மாஜிஸ்ட்ரேட்டுகிட்ட நடந்து போயி வெச்ச கீறல் இது. அக்காவுக்குக் குடுன்னு அவன் சொன்னது இதுலதான கீது. அதுகூடவா செல்லாது, ரைட்டரய்யா?”

சட்டத்தில் அதற்குப் பதில் இருந்தது. அன்று ஒருநாள் மட்டும் அதை நான் சொல்லவில்லை.