நான்காவது சுற்று

நாமக்கல்லில் எங்கள் வீட்டு பீரோ கதவுதான் என் கான்பன் பலகை, அதாவது எந்த வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று காட்டும் பலகை. அரசுத் தேர்வுப் பாடத்திட்டத்தின் ஒவ்வொரு தலைப்பையும் ஓர் அட்டையில் எழுதி, ‘படிக்கணும்’, ‘படிக்கிறேன்’, ‘முடிஞ்சது’ என்று மூன்று வரிசையாக ஒட்டியிருந்தேன். நடுவரிசையில் மூன்று அட்டைக்கு மேல் வைக்கமாட்டேன். ஒன்று வலப்பக்கம் போனால்தான் அடுத்தது நடுவே வரும். எல்லாம் வலப்பக்கம் சேர்ந்துவிட்டால், அட்டைக்கு ஒரு பச்சைப் புள்ளி வைத்து மறுபடி இடப்பக்கம் ஒட்டுவேன். அடுத்த திருப்புதல் சுற்று அப்படித்தான் தொடங்கும்.

தேர்வுக்கு முந்தைய வாரம் மூன்றாவது சுற்றும் முடிந்தது. வலப்பக்கம் நிறைந்திருந்ததைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. தங்கைக்குப் பொறுக்குமா? அங்கிருந்து ஓர் அட்டையை உரித்தாள்.

“அக்கா, நிதி ஆணையத்தோட வேலை என்னென்ன? பொஸ்தகம் பாக்காம சொல்லு.”

ஒன்றுகூட வாயில் வரவில்லை. அடுத்த அட்டையை எடுத்தாள், அதற்கடுத்ததையும் எடுத்தாள். எல்லாம் படித்த மாதிரிதான் இருந்தது, பதில்தான் இல்லை. பக்கம் புரட்டி முடித்ததும் அட்டையை நகர்த்தினேனே தவிர, புத்தகத்தை மூடிவைத்து என்னை நானே ஒரு கேள்வி கேட்டதில்லை. வந்த ஆத்திரத்தில் அவளைத் திட்டிவிட்டு, எல்லா அட்டைகளையும் பிய்த்து இடப்பக்கம் ஒட்டினேன்.

லாரிப் பட்டறையிலிருந்து வந்த அப்பா பீரோவைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

“அட, நாலாவது ரவுண்டே ஆரம்பிச்சுட்டயா சாமி?”

தங்கை என்னைப் பார்த்தாள்.

“ஆமாங்கப்பா” என்றேன்.