பதினொன்றாம் தேதி நேர்காணல்

தென்காசியில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் எனக்கு வேலை. மாதம் பிறந்தால் மற்றவர்களுக்குச் சம்பளம் ஞாபகம் வரும், எனக்குப் பதினொன்றாம் தேதி ஞாபகம் வரும். மாதா மாதம் கணக்குக் கொடுக்கிற வியாபாரிகளின் விற்பனை விவரத்தை அன்றைக்குள் ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றியாக வேண்டும். தவறினால் அவர்களிடம் சரக்கு வாங்கியவர்களுக்கு அந்த மாதம் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வரவு தளத்தில் தெரியாது. அப்புறம் ஊரே போன் பண்ணும்.

சென்னைக் கம்பெனி ஒன்று என்னை வீடியோவில் நேர்காணலுக்கு அழைத்தது, சரியாகப் பதினொன்றாம் தேதி மாலை மூன்று மணிக்கு. ‘சரி’ என்று உடனே பதில் போட்டேன். நான் கனவு கண்ட வேலை. தேதியை மாற்றச் சொன்னால் ஆளையே மாற்றிவிடுவார்கள் என்று பயம்.

அன்று குற்றாலத்தில் ஒரு மசாலா மொத்தக் கடையில் இருந்தேன். சீசன் நேரத்தில் அந்த அண்ணாச்சி பில்லைத் தூக்கிக்கொண்டு தென்காசிக்கு வரமாட்டார், நாங்கள்தான் போக வேண்டும். மாடியறையில் நெட் நன்றாக வரும். மூன்றுக்குள் முடித்துவிடலாம் என்று மதியச் சாப்பாட்டைக்கூடத் தள்ளிவைத்து எல்லாவற்றையும் ஏற்றினேன். கடைசியில் அண்ணாச்சியின் போனுக்கு ஒரு ஓடிபி வர வேண்டும், அதைப் போட்டால் முடிந்தது. வரவில்லை. ஊர் உலகமே அந்தத் தளத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. மறுபடி கேட்டுவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைத்து, நேர்காணலுக்குள் நுழைந்தேன்.

எதிரே ஓர் அம்மா மட்டும். அமைதியான முகம். இரண்டாவது கேள்வியே அதுதான்: “ஒரே நேரத்தில் இரண்டு வேலைக்குக் கெடு வந்தால் என்ன செய்வீர்கள்? நடந்ததைச் சொல்லுங்கள்.”

முக்கியமானதை முதலில் செய்வேன், பட்டியல் போடுவேன் என்று மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். சொல்லும்போது எனக்கே கொட்டாவி வரும்போல் இருந்தது. அதை விட்டுவிட்டுக் கடையம் ஊர் அரிசி ஆலைக்காரர் ஒருவரின் கதையைச் சொன்னேன்.

அதுவும் ஒரு பதினொன்றாம் தேதிதான். வங்கிக் கடனுக்கு அன்று சாயங்காலத்துக்குள் கணக்கு அறிக்கை வேண்டும் என்று வந்து நின்றார். செய்தால் மற்றவர்களின் விவரத்தை ஏற்றும் வேலை கெடும். செய்யாவிட்டால் அவர் கடன் போகும். நான் வங்கி அதிகாரிக்கே போன் போட்டு, “சார், இன்றைக்கே வேணுமா?” என்று கேட்டேன். “திங்கட்கிழமை போதும்மா, அவருக்குத்தான் அவசரம்” என்றார். ஜிஎஸ்டி தளத்திடம் கெஞ்ச முடியாது, மனிதரிடம் முடியும். எது யார் வைத்த கெடு என்று முதலில் விசாரிப்பேன் என்றேன்.

அந்த அம்மா தலையாட்டிக்கொண்டே ஏதோ எழுதினார். எனக்குள் ஒரு குளிர்ச்சி. அப்போது கதவு தடதடவென்று திறந்தது. போனை விளக்குப்போலத் தூக்கிப் பிடித்தபடி அண்ணாச்சி நின்றார்.

“ஏம்மா, நம்பர் வந்துட்டு! சீக்கிரம் அடிம்மா, செத்த நேரத்துல போயிரும்லா!”

“அண்ணாச்சி, இங்கன நேர்காணல் நடக்குது...”

“நடக்கட்டும், நீ அடி!”

திரைக்குள் அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். இன்று கெடு நாள், ஓடிபிக்கு ஆயுள் கொஞ்ச நேரம்தான் என்று திக்கித் திக்கிச் சொன்னேன்.

“வங்கி அதிகாரியிடம் கேட்டீர்களே, எங்களிடம் ஏன் கேட்கவில்லை?” என்றார். கோபமில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ஊரார் காரியத்துக்கு யாருக்கும் போன் போடுவேன். என் காரியம் என்றால் ‘சரி’ மட்டும்தான் வாயில் வரும். என்மேலேயே எரிச்சலாக வந்தது.

“இப்போது கேட்கிறேன், மேடம். ஐந்து மணிக்குப் பேசலாமா?”

“பேசலாம். முதலில் அந்த நம்பரைப் போடுங்கள்.”

அண்ணாச்சி எண்களை ஒவ்வொன்றாகக் கத்தினார், அடித்தேன், ஏறிவிட்டது. அவர் எனக்காக வாங்கிவந்த பலகாரப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, “யாரும்மா அந்த அம்மா, நல்லவகளா இருக்காக” என்றார். அப்போதுதான் எனக்குப் பசிப்பதே தெரிந்தது.

ஐந்து மணிக்கு மிச்சக் கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். சில வாரம் கழித்து வேலை உத்தரவு மெயிலில் வந்தது. இரண்டு தடவை வாசித்தேன். சேர வேண்டிய நாள்: பதினொன்று.

அந்த மாதத்துக் கணக்கையும் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் ஆபீசை விட்டுக் கிளம்ப நினைத்திருந்தேன். ‘சரி’ என்று அடித்தேன். அழித்தேன்.

‘பதின்மூன்றாம் தேதி வந்து சேரட்டுமா?’ என்று எழுதி அனுப்பிவிட்டு, டீ குடிக்கப் போனேன்.