ஜாடி ஒயினும் என் இடது பொட்டும்

கிறிஸ்துமஸ் நடுராத்திரிப் பூசை முடிந்து வந்ததும், மாமனார் ஜாடியில் ஊறப்போட்ட திராட்சை ஒயினை ஆளுக்கு அரை டம்ளர் ஊற்றுவார். எல்லாரும் சிரித்துக்கொண்டு குடிப்பார்கள். எனக்கு மட்டும் கொஞ்ச நேரத்துக்குள் இடது நெற்றிப்பொட்டு தெறிக்கத் தொடங்கிவிடும். வெளிச்சம் ஆகாது, வாந்தி வேறு. கல்யாணமாகி மூன்றாவது கிறிஸ்துமஸிலும் நான் இப்படிப் படுத்ததும் நாத்தனார் கூடத்தில் நின்று, "அரை டம்ளருக்கு இப்படியா ஆவும்? அண்ணி திருட்டுத்தனமா குடிச்சிருக்கறாங்க" என்றாள். அது கோவில் வரைக்கும் போனது. பெண்கள் என்னைப் பார்த்து முக்காட்டுக்குள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடிகாரி என்ற பேரோடு இந்த வூட்டில் வாழ முடியாது என்று டாக்டரைப் பார்க்கத் தருமபுரிக்கு பஸ் ஏறினேன்.

லேடி டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். "நெறையக் குடிச்சவங்களுக்குப் போதை எறங்கினப்புறம், மறுநாள் காலையில தலை வலிக்கும். உங்களுக்குக் கொஞ்சம் குடிச்சதுமே வருது. இது ஒற்றைத் தலைவலிம்மா. ஆனா ஒயின்தான் காரணம்னு இப்பவே சொல்ல மாட்டேன். ராத்திரி தூக்கமில்ல, வெறும் வயிறு. அதுவே கெளப்பி விட்டுடும்."

அப்புறம் சோதிக்கும் வழியைச் சொன்னார். நன்றாகத் தூங்கி, சாப்பிட்டு, மாதவிலக்கு நெருங்காத, தலைவலியில்லாத நாளாக இருக்க வேண்டும். ஒரு நாளில் ஒரு பானம் மட்டும், கொஞ்சமாக. இடையில் சில நாள் விட வேண்டும். ஒரு தடவை வந்தால் தற்செயலாக இருக்கலாம், மறுபடியும் பார்க்க வேண்டும்.

டாக்டர் சொன்னபடி சோதிக்க, மாமியாரையே எதிரில் உட்காரவைத்தேன். அவர் கையாலேயே ஊற்றித் தந்த அரை டம்ளர் ஒயினுக்கு, பொழுது சாய்வதற்குள் இடது பொட்டு தெறித்தது. இன்னொரு நாள் குடித்த புளிக்காத திராட்சைச் சாற்றுக்கு ஒன்றுமில்லை. மதுவிலக்கை எடுத்திருந்த காலம் அது; போதைதான் காரணமா என்று பார்க்க, என் வீட்டுக்காரர் கூச்சத்தோடு துண்டில் சுற்றி பிராந்தி கொண்டுவந்தார். தண்ணீர் கலந்து கொஞ்சம் குடித்தேன், பிறகு இன்னொரு நாளும் குடித்தேன். தலை வலிக்கவேயில்லை. ஒயினை மறுபடி தொட்ட அன்று மட்டும் வாளியைத் தேட வேண்டியதாயிற்று. மாமியார் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, ஒரு வாய்க்கே இப்படியா" என்றார். மாமனாருக்குத்தான் கோபம். "ஏன், என் ஒயின் கெட்டுப்போச்சா?" என்றார். "ஒயின் நல்லாத்தானுங்க மாமா இருக்குது, எனக்குத்தான் ஆவாது" என்றேன்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு எனக்கு எலுமிச்சைச் சாறு. நாத்தனார் ஆசை ஆசையாக டம்ளர் டம்ளராகக் குடித்துவிட்டு நன்றாகத் தூங்கினாள். மறுநாள் காலையில் உறவுக்காரர்கள் நடுவில் தலையைப் பிடித்துக்கொண்டு, "மோர் குடுங்க அண்ணி" என்று முனகினாள்.

மாமியார் இடுப்பில் கை வைத்து நின்றார். "இதுதான்டி குடிச்ச தலைவலி. என் மருமவளுக்கு வர்றது வேற. நான் கண்ணால பாத்தவ."

மோரை நாத்தனார் கையில் கொடுத்துவிட்டு, தெருப்பக்கம் சன்னலை நன்றாகத் திறந்துவைத்தேன்.

"இன்னொரு தடவ சொல்லுங்க அத்தை" என்றேன்.