எழுபத்தைந்துக்கும் அறுபதுக்கும் நடுவே

அவளை எல்லாரும் மீட்டரக்கா என்போம். சார்ஜர் தொழிற்சாலையில் கடைசிச் சோதனை மேசை பதினோரு வருடமாக அவளுடையது. பக்கத்து மேசையில் லேபிள் ஒட்டுவது நான்.

லேப்டாப் சார்ஜரைச் சொருகியதும் அவள் முன்னால் இரண்டு மீட்டர்கள் எரியும். ஒன்று சுவரிலிருந்து சார்ஜருக்குள் போகும் வாட்டைக் காட்டும், மற்றது வெளியே வரும் வாட்டை. உள்ளே அறுபத்தெட்டு போய் அறுபது வந்தால் எண்பத்தெட்டு சதவீதம். என் லேபிளிலும் அதுதான் அச்சாகியிருக்கும். மிச்ச எட்டு எங்கே போகிறது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டால், ஓடிக்கொண்டிருக்கும் சார்ஜரை எடுத்து அவர்கள் கன்னத்தில் வைப்பாள்.

"இங்கதான்டி போகுது."

அவள் தங்கைக்குச் சூட்டறையில் வேலை. ஜன்னல் இல்லாத அறை. இருநூறு சார்ஜர்கள் முழு லோடில், தர முடிந்த அத்தனை வாட்டையும் தந்தபடி, நாலு மணி நேரம் ஓடும். அணைந்து போவதைத் தேடிப் பிடுங்க வேண்டும். தங்கைக்கு வயிற்றில் ஆறு மாதம். புதிய லாட் சார்ஜர்கள் வந்திறங்கிய வாரத்தில் இரண்டு முறை உள்ளேயே மயங்கி விழுந்தாள்.

மீட்டரக்கா சூப்பர்வைசரிடம் போனாள். "உள்ள சூட்டை வெளிய இழுக்க ஒரு ஃபேன் போடுங்க சார்."

அவர் சிரித்தார். "சார்ஜர்ல என்னம்மா சூடு? கரண்ட்டெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கற லோடு பெட்டிக்குப் போயிடுதே."

"எல்லாம் போகல சார். இந்த லாட்ல எழுபத்தஞ்சு உள்ள போகுது, அறுபதுதான் வெளிய வருது. ஒவ்வொண்ணுலயும் பதினஞ்சு சூடா அங்கயே நிக்குது. இருநூறுக்கு மூவாயிரம் வாட். மூணு அயர்ன்பாக்ஸைப் போட்டுட்டு ரூமைப் பூட்டின மாதிரி."

அவர் சிரிப்பு நின்றது. "அப்ப எண்பது சதவீதம்தான். லாட் முழுக்க ரிஜெக்ட். டெஸ்ட் தாள்ல என்ன எழுதியிருக்க?"

"மீட்டர் காட்டினதை."

தாளை வாங்கி நாலாகக் கிழித்தார். "தங்கச்சி மேல அவ்வளவு பாசமா? சரி, அவ உன் நாற்காலில உக்காரட்டும். சூட்டை இவ்வளவு நல்லா கணக்குப் போடுறியே, நீ உள்ள போ."

யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தங்கை வந்து உட்கார்ந்தாள். அவர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"என்ன காட்டுது?"

"எழுபத்தஞ்சு சார்."

"திரும்ப உள்ள போறியா?"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அறுபத்தெட்டு சார்."

சாப்பாட்டு மணி அடித்ததும் மீட்டரக்கா வெளியே வந்தாள். ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. தங்கையின் தாளை எடுத்துப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை அறுபத்தெட்டு. மேசையில் ஓடிக்கொண்டிருந்த சார்ஜரைத் தூக்கி அவள் கன்னத்தில் அழுத்தினாள். தங்கை முகத்தைத் திருப்பவில்லை. தோல் சிவந்தது.

"எவ்வளவுடி இது?"

"எட்டுக்கா."

மீட்டரக்கா சார்ஜரை என் பக்கம் தள்ளினாள். நான் லேபிள் ஒட்டினேன்.