மேல்மலையைப் பற்றித் துரைக்கு எழுதியது

தோட்டத்தில் நான் கண்டக்டராக இருந்தேன் என்று சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் எந்த பஸ்ஸில் என்று கேட்கிறார்கள். பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற உத்தியோகம் இல்லை. பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், விடியற்காலையில் ஆட்கள் கூடி நிற்கிற பெரட்டில் அவர்களைப் பிரித்து, எந்த மலையில் கொழுந்து எடுப்பது, எங்கே செடியின் தலையைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுவது என்று பார்த்து, நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிற வேலை. கால் இருக்கிறவரைக்கும்தான் அந்த உத்தியோகம். மூச்சு இருக்கிறவரைக்கும் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு கண்டி ஆஸ்பத்திரியில் படுத்தேன். ஊசி போட்டு நீரை எடுத்தார்கள், மறுபடி கோத்தது, மறுபடி எடுத்தார்கள். ஒரு மழைக்காலம் போய் பனிக்காலம் வந்து, அதுவும் போனது. கடைசியில் டாக்டர் ஒரு சர்ட்டிபிக்கேட் எழுதித் தந்தார். வேலைக்குப் போகலாம், ஆனால் ஏற்றம் ஏறக் கூடாது. தேயிலைத் தோட்டத்தில் ஏற்றம் இல்லாத இடம் எது என்று அவரிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. களைப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்த மறுநாளே தோட்டத்து மேனேஜரான துரையிடமிருந்து சொல்லியனுப்பினார்கள். லீவில் இருந்த காலத்தில் என்னென்ன தப்பிப்போனது, அதை எப்படிச் சரிக்கட்டுவது, இனி நான் என்ன வேலை செய்ய முடியும் என்று எழுதித் தரவேண்டும். அதைப் பார்த்துத்தான் என்னை வைத்துக்கொள்வதா, வேறு தோட்டத்திலிருந்து ஆள் எடுப்பதா என்று முடிவு செய்வாராம். வேலை போனால் வீடும் போகும். தோட்டத்து வீட்டுக்கும் வேலைக்கும் ஒரே சாவி.

"ஏறுவேன்னு எழுதுங்க," என்றாள் மனைவி. அடுப்படியில் நின்றபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "ஏற முடியாதுன்னு எழுதிப்புட்டு பிள்ளைங்கள இழுத்துக்கிட்டு எங்க போறது?"

"ஏறினா செத்துப் போவேன்டி."

"மெதுவா ஏறுங்க," என்றாள். பிறகு அழுதாள். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நானும் மனசுக்குள் அதையேதான் எழுதி வைத்திருந்தேன்.

என்ன தப்பியது என்று தெரியாமல் எப்படி எழுதுவது? என் இடத்தில் வேலை பார்த்தவர் கணக்கப்பிள்ளை. என்னைவிட இளையவர். தன் வேலையையும் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தார். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஹட்டனில் ரயில் பிடித்து, கையில் ஆரஞ்சுப் பையோடு வந்து பார்த்தவர். கேட்டால் "ஒரு கொறையும் இல்லீங்கய்யா, நிறுவ உங்க காலத்துல எறங்குன மாதிரியே எறங்குது" என்றார். நிறுவை என்றால் அன்றன்று எடுத்த கொழுந்தின் எடை. சாயங்காலம் துரைக்குப் போகிற முதல் செய்தி அதுதான். நிறுவை சரியாக இருந்தால் துரைக்குத் தோட்டம் சரி.

மலையில் ஏறிப் பார்க்க முடியாததால், கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்தில் போய் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தேன். பெண்கள் கூடை கூடையாகக் கொண்டு வந்து கொட்டினார்கள். "ஐயா வந்துட்டாரு, எலும்பா வந்துருக்காரு" என்று சிரித்தார்கள். கொழுந்தைக் கையில் அள்ளிப் பார்த்தேன். எல்லாம் பிஞ்சு. இன்னும் இரண்டு மூன்று நாள் செடியில் இருந்திருக்க வேண்டியது. ஆற்றுக்கு இந்தப் பக்கத்து மலைகளிலிருந்து வந்தது என்று தெரிந்தது. ஒரு மலையில் எடுத்தால், மறுபடி அங்கே வர ஒரு வாரம், பத்து நாள் ஆக வேண்டும். அந்தச் சுற்று முறைதான் கொழுந்தெடுப்பில் எல்லாம். இவர்கள் பக்கத்து மலைகளையே சுற்றிச் சுற்றிச் சுரண்டியிருந்தார்கள். அப்படியானால் ஆற்றுக்கு அப்பால் இருக்கிற மேல்மலை?

"மேல்மலைக்கு எப்ப போனீங்க?" என்று வயதான கொழுந்துக்காரி ஒருத்தியிடம் கேட்டேன்.

"மேல்மலையா? அங்க பன்னிதான் மேயுது," என்றாள். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, தராசுக்குப் பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளையைப் பார்த்தாள்.

அன்று மத்தியானம் கணக்கப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மேல்மலை தூரங்கய்யா. ஏறி எறங்கவே பாதி நாள் போயிரும், அன்னிக்கு நிறுவ விழுந்துரும். நிறுவ விழுந்தா தொர வெளியாளக் கொண்டாந்துருவாரு. அப்புறம் நீங்க திரும்பி வந்தாலும் எடமில்ல, எனக்கும் எடமில்ல. அதான் நிறுவ விழாமப் பாத்துக்கிட்டேன்."

"எத்தன சுத்து போச்சு?"

அவர் விரல் மடக்கி எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். மழையில் மேல்மலைப் பாதை சரிந்ததிலிருந்து துரையின் ஜீப் அந்தப் பக்கம் போவதில்லை. அதனால் இதுவரை தப்பித்திருந்தது. மேல்மலைக் கொழுந்து முற்றி, செடி இடுப்புக்கு மேலே வளர்ந்து நின்றது. இந்தப் பக்கத்துச் செடிகளோ மூச்சு விட நேரமில்லாமல் இளைத்துப் போயிருந்தன.

எனக்குக் கோபம் வந்தது. வரத்தான் செய்யும். அந்த மேல்மலையை நான் பிள்ளை மாதிரி வளர்த்தவன். ஆனால் அவர் இதை எனக்காகவும்தான் செய்திருக்கிறார் என்று நினைத்தபோது, யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. "காட்டிக் குடுத்துராதீங்கய்யா" என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டே படியிறங்கிப் போனார்.

கடிதத்தை இங்கிலீஷில் எழுத வேண்டும். அந்தக் காலத்தில் துரைக்கு உத்தியோகஸ்தர் தமிழில் எழுதுவதில்லை. மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். முதல் கடிதத்தில் எல்லாம் நன்றாக நடந்திருக்கிறது, நானும் நன்றாக இருக்கிறேன் என்றிருந்தது. அதை எழுதி முடிக்கும்போதே இருமல் வந்து மை சிந்தியது. இரண்டாவதில் மேல்மலையைப் பற்றி எழுதினேன். அது கணக்கப்பிள்ளையின் தலையில் கல்லைப் போடுகிற மாதிரி இருந்தது. மூன்றாவதில் மேல்மலையை நானே ஏறி நின்று சரிக்கட்டுவதாக எழுதினேன். அதைத் திரும்பப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவர் மேல்மலையை மறைத்தார். நான் நெஞ்சை மறைக்கிறேன். இரண்டும் நிறுவை விழாமல் இருக்கத்தான். அவரிடம் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை?

நாலாவதாக எழுதியதுதான் போனது. அதன் சாரம் இதுதான்.

'நீண்ட லீவு தந்ததற்கு நன்றி. டாக்டரின் சர்ட்டிபிக்கேட்டை இதனுடன் இணைத்திருக்கிறேன். நான் இல்லாத காலத்தில் மேல்மலையின் சுற்று தப்பி, கொழுந்து முற்றிவிட்டது. பக்கத்து மலைகளில் அளவுக்கு மீறி எடுக்கப்பட்டிருக்கிறது. ஒரே ஆள் இரண்டு பேர் வேலையைப் பார்த்ததால் வந்தது இது. மேல்மலையை இரண்டு பாதியாகப் பிரித்து, பெண்களை முழுவதுமாக அங்கே அனுப்பி, முற்றியதை ஒடித்து மலையிலேயே போட்டுவிட வேண்டும். அது தேயிலை அரைக்கிற ஸ்டோருக்கு வந்தால் தேயிலை கெடும். அதுவரை பக்கத்து மலைகளுக்கு ஓய்வு வேண்டும். இரண்டு வாரமோ அதற்கு மேலுமோ நிறுவை குறையும். அதைத் தயவு செய்து குற்றமாக எடுக்க வேண்டாம். குறைந்தால்தான் பிறகு ஏறும். மலையில் நின்று இதை நடத்தக் கணக்கப்பிள்ளையால் முடியும். நான் மடுவத்தில் இருந்து, வருகிற கொழுந்தைப் பார்த்து, அவருக்கு அன்றன்றைக்குச் சொல்ல முடியும். ஆற்றுக்கு அப்பால் என்னால் ஏற முடியாது.'

கடைசி வரியை எழுதும்போது மனைவி பின்னால் நின்றாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் "எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள். "எழுதிட்டேன்" என்றேன். அவள் ஒரு போர்வையை எடுத்து வந்து என் தோளில் போட்டாள்.

அடுத்த நாள் ஆப்பீஸுக்குக் கூப்பிட்டார்கள். துரை கடிதத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார். உத்தியோகஸ்தரிடம் அவர் இங்கிலீஷில்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் அரைகுறைத் தமிழுக்கு மாறுவார். அன்று தமிழில் தொடங்கினார்.

"கணக்கப்பிள்ளை என்னை ஏமாத்தினான்?"

"ஏமாத்தலீங்க தொர. பயந்துட்டாரு."

"யாருக்கு?"

"தொரைக்குத்தாங்க."

சொல்லிவிட்டு, என் வேலை போயிற்று என்று நினைத்தேன். துரை ஜன்னல் வழியாக ஆற்றுக்கு அப்பால் மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இங்கிலீஷுக்கு மாறினார். அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. நிறுவை எத்தனை வாரம் குறையும், முற்றியதை எங்கே போடுவது, ஸ்டோருக்கு யார் சொல்வது என்று கேட்டார். சொன்னேன். சிவப்புப் பென்சிலை எடுத்து, மேல்மலை வரிக்குப் பக்கத்தில் சரி என்று குறித்தார். கடைசி வரிக்கு அடியில் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டின் அர்த்தம் பிறகுதான் வந்தது. கணக்கப்பிள்ளை கண்டக்டர் ஆனார். நான் மடுவத்தில் நிறுவைக்காரனாக இருக்கலாம். எங்கள் வீடு அவருக்கு. ஆற்றோரத்துச் சின்ன வீடு எனக்கு.

தெருவில் நிற்கவில்லை. அந்த மட்டும் நிம்மதி. ஆனால் பொறாமையாக இருந்தது. சொல்வதில் என்ன வெட்கம்? பல மாதம் அவர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். வீடு மாறிய அன்று எங்கள் சாமான்களை அவரே தலையில் வைத்துச் சுமந்து வந்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல மூச்சில்லை.

மேல்மலை நான் எழுதியபடியே நடந்தது. நிறுவை விழுந்தது, துரை வாய் திறக்கவில்லை. பக்கத்துச் செடிகள் தேறின. ஒரு நாள் மத்தியானம் பெண்கள் நனைந்துகொண்டு வந்து மடுவத்தில் கூடைகளைக் கவிழ்த்தார்கள். புதுக் கண்டக்டர் குனிந்து ஒரு கை அள்ளி, என் கையில் வைத்தார். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, ஒரே அளவில், பனி ஈரத்தோடு இருந்தது.

"மேல்மலைங்கய்யா," என்றார்.

அதைத் தராசில் போடாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். அதற்குப் பிறகும் பல வருஷம் அந்தத் தோட்டத்தில் இருந்தேன். மேல்மலைக் கொழுந்தெல்லாம் என் கை வழியாகத்தான் போனது. நான் அந்த மலையில் மறுபடி கால் வைக்கவே இல்லை.