இருமிக்கொண்டிருக்கிறீர்களா?

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு காசநோய்க் கணக்கெடுப்புக்கு ஆங்கிலத்தில் வந்த கேள்விகளைத் தமிழாக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. கோவில்பட்டியில் ஒரு வாடகை அறை. எனக்கு மேலே ஒரு தலைமை மொழிபெயர்ப்பாளர், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். இலக்கணத்தில் மனிதர் விடாக்கண்டன்.

'ஹேவ் யூ பீன் காஃபிங் ஃபார் டூ வீக்ஸ் ஆர் மோர்?' இதுதான் உயிர்க் கேள்வி. ஆமென்றால் சளியைச் சோதிப்பார்கள். இல்லையென்றால் அடுத்த வீடு. 'ரெண்டு வாரமோ அதுக்கு மேலயோ இருமல் இருக்கா?' என்று எழுதிக் கொடுத்தேன்.

"ஹேவ் பீன் எங்கப்பா? ஐ.என்.ஜி. எங்க? வினைச்சொல்லையே முழுங்கிட்டியே!" என்று நான் எழுதியதை அடித்துவிட்டு, 'இரண்டு வாரங்களாகவோ அதற்கு மேலாகவோ இருமிக்கொண்டிருக்கிறீர்களா?' என்று போட்டார். ஆங்கிலத்தில் எப்போதோ தொடங்கி விட்டுவிட்டு வருவதற்கும் அந்த வடிவம் பொருந்தும், தமிழில் 'கொண்டிரு' வந்தால் இந்த நிமிஷமும் ஓயாமல் நடப்பதாகிவிடும் என்று வாதாடிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

கேள்விகளோடு நாங்கள் இருவருமே வீடு வீடாகப் போனோம். முதல் நாள் எப்போதும்வென்றான் பக்கம் ஒரு ஊர் முழுக்க இதைக் கேட்டோம். ஒருவர் விடாமல் இல்லை என்றார்கள். 'சுத்தமான ஊர்' என்று ஆசிரியருக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாள் விளாத்திகுளம் பக்கம். பருத்திக் காட்டிலிருந்து வந்து நின்றவர் விலா எலும்பை எண்ணிவிடலாம். அவரிடமும் கேட்டேன்.

"இல்லையே அண்ணாச்சி."

உள்ளேயிருந்து அவர் மனைவி பாய்ந்து வந்தாள். "என்ன இல்லேங்கீய? பொங்கலுக்கு முந்திப் புடிச்ச இருமல்லா இது! துப்புனா ரத்தம்லா வருது!"

"ஏட்டி, சும்மா கெட. அவிய இருமிக்கிட்டிருக்கீங்களான்னுல்லா கேக்காவ? நா இப்ப எங்க இருமுதேன்? பேசிக்கிட்டுல்லா நிக்கேன்."

பக்கத்தில் நின்ற ஆசிரியரைப் பார்த்தேன். முகத்தில் ஈயாடவில்லை. பருத்திக் காட்டுக்காரர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொல்லியிருந்தார். அவரை அப்போதே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஆனால் நேற்று ஒரு ஊரே இல்லை என்றதே? ஆசிரியர் மேல் வந்த ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அன்று மத்தியானமே முந்தின நாள் கேட்ட ஊருக்குத் திரும்பினோம். முதல் வீட்டில் ஒரு பெண், இடுப்பில் பால்குடிப் பிள்ளை. ஆசிரியரே, நான் முதலில் எழுதியபடி கேட்டார்: "ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்காம்மா?"

"இருக்கே. ரெண்டு மாசமாச்சு. இந்தப் பிள்ளைக்கும் இருக்கு" என்றாள். பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இத நேத்தே கேட்டிருக்கலாம்லா?"