பால்சாமி மேஸ்திரியும் கடல் பார்த்த மூலைத்தூணும்

பால்சாமி அண்ணனுக்குக் கோபம் வந்தால் முதலில் துண்டைத் தரையில் அடிப்பார். இரண்டாவதாகத்தான் வாயைத் திறப்பார். ராமநாதபுரம் பக்கம் சிக்கல் என்கிற ஊர்க்காரர். மழை ஏமாற்றி, மிளகாய்க் காடு கருகிப்போய், கொத்துக்கரண்டி பிடிக்க வந்தவர். அதற்குப் பிறகு கடற்கரை ஓரமாக அவர் கான்கிரீட் போடாத ஊர் கிடையாது. அவருடைய குரூப்பில் ஜல்லி சுமக்கிறவள் நான். அவர் திட்டாத நாளில் எங்களுக்கு வேலை செய்த மாதிரியே இருக்காது.

மண்டபம் ஊருக்கு இந்தப்பக்கம் ஒரு மீனவர் ஊரில் மீன் ஏலக்கூடம் கட்டுகிற வேலை வந்தது. அங்கே ஏற்கெனவே ஒரு கூடம் இருந்தது. உப்புக்காற்று உள்ளே இறங்கி, கம்பி துருப்பிடித்து ஊதி, மேலே இருந்து காரை காரையாக விழுந்துகொண்டிருந்தது. ஏலம் எடுக்க வருகிற பெண்கள் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டுதான் நிற்பார்கள். அதை இடித்துவிட்டுப் புதுசு.

இஞ்சினியர் அனிட்டா தங்கச்சிமடத்துப் பெண். அவள் அம்மாவே அந்த மாதிரிக் கூடத்தில் மீன் ஏலம் எடுத்தவர். அவள் முதல் நாளே வந்து, "இனி பெட்டிக்கணக்கு இல்ல மேஸ்திரி. இது டிசைன் மிக்ஸ்" என்றாள்.

அண்ணன் துண்டை அடித்தார்.

எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று. ஒரு மூட்டை சிமெண்டுக்கு ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. பெட்டியால் அளந்து கொட்டுவோம். தண்ணீருக்கு அளவே கிடையாது. கலவை கொழகொழவென்று வருகிறவரைக்கும் ஊற்றுவோம்.

"அது இருவது கிரேடுக்கு மேல ஆகாது மேஸ்திரி. கடல் தண்ணி தெறிக்கிற இடம் இது. இங்க முப்பத்தஞ்சு வேணும்."

"ஏந்தாயி, நான் போட்ட கட்டடமெல்லாம் படுத்தா கெடக்கு?"

"பழைய கூடம் ஒங்க பெட்டிக்கணக்குல போட்டதுதான். அண்ணாந்து பாருங்க."

அண்ணன் அண்ணாந்து பார்க்கவில்லை. அவளைத்தான் முறைத்தார்.

கிரேடு என்பது, அந்தக் கான்கிரீட்டில் கட்டி வார்த்து, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் போட்டு வைத்து, மெஷினில் வைத்து அமுக்கினால் எவ்வளவு தாங்கி உடைகிறது என்கிற எண். அதை அவள் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னாள். முப்பத்தைந்து வேண்டுமென்றால் முப்பத்தைந்துக்குக் குறி வைக்கக் கூடாதாம். ஒரு கலவை ஏறி வரும், ஒரு கலவை இறங்கி வரும். இறங்குகிறதும் முப்பத்தைந்துக்குக் கீழே போகாமல் இருக்க, நாற்பத்து மூன்றுக்கு மேல் குறி வைக்க வேண்டுமாம். அதற்காக எங்கள் மணலையும் ஜல்லியையும் லேப்புக்குக் கொண்டுபோய் மூன்று விதமாகக் கலந்து பார்த்தார்கள். ஒன்றில் தண்ணீர் கூட, ஒன்றில் நடுத்தரம், ஒன்றில் குறைவு. இருபத்தெட்டாம் நாள் உடைத்ததில் நாற்பது, நாற்பத்து நாலு, நாற்பத்தெட்டு என்று வந்தது. நடுவில் உள்ளதை எடுத்துக்கொண்டார்கள். ஒரு மூட்டைக்கு இருபத்தொரு லிட்டர் தண்ணீர். இளக்கம் வருவதற்கு ஒரு மருந்து. மணல், ஜல்லி எல்லாம் எடை போட்டு.

அவ்வளவு நாளும் வேலை நின்றதில் காண்ட்ராக்டர் முத்துகிருஷ்ணன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். சைட்டில் தராசு வந்து இறங்கியதும் அண்ணன் கேட்டார்: "என்ன தாயி, புளி மொளகா யாவாரமா இங்கன நடக்குது?"

தூண் போடுகிற அன்றைக்குத்தான் பெரிய சண்டை. முந்தின ராத்திரி மழை. அனிட்டா ஒரு சட்டி மணலை நிறுத்து, அடுப்பில் வறுத்து, திரும்பவும் நிறுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். "இன்னைக்குத் தண்ணி பதினேழு லிட்டர்தான்."

"நேத்து இருவத்தொண்ணுன்ன?"

"மிச்சம் நாலு மணலுக்குள்ளயே இருக்கு மேஸ்திரி. நனஞ்ச மணல்."

"ஏலே பாண்டீஸ்வரா!" என்று மிக்ஸர் ஓட்டுகிறவனைப் பார்த்துக் கத்தினார் அண்ணன். "நாளைக்கு ஒரு கொவளத் தண்ணிதேன் தருவாக. எச்சியத் துப்பி ஓட்டுடா!"

நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. கலவையின் இளக்கம் பார்க்கிற இரும்புக் கூம்பை வைத்து, கலவையை நிரப்பி, தூக்கிப் பார்த்தாள். கலவை சரியான அளவுக்கு இறங்கி நின்றது. "போடுங்க" என்றாள்.

நாலைந்து தூண் ஏறியபிறகு, கட்டி வார்ப்பதற்கு ஆறு இரும்பு அச்சை எண்ணெய் தடவி எடுத்து வைத்தாள். அதற்குள் மேலே பலகைக்கும் கம்பிக்கும் இடைவெளி குறைகிறதென்று கூப்பிட்டார்கள். "நான் போட்டு வைக்கிறேன், நீ போ தாயி" என்றார் அண்ணன். அவளும் போய்விட்டாள்.

அண்ணனுக்கு அந்தக் கலவை மேல் நம்பிக்கையே இல்லை. தொட்டால் மணல் மாதிரி இருக்கிறது என்று காலையில் இருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். கட்டி தோற்றுவிட்டால் குரூப்பு மேல்தான் பழி வரும். அதனால் எந்த வேலையிலும் அச்சுக்கென்று அவர் செய்கிறதையே செய்தார். ஒரு சட்டிக் கலவையைத் தனியாக எடுத்து, ரெண்டு அள்ளு சிமெண்டைக் கூடப் போட்டுப் பிசைந்து அச்சில் குத்தி நிரப்பினார். சாமிக்குப் பொங்கல் வைக்கும்போது நெய்யைக் கூட விடுகிற மாதிரி, அது அவருக்கு ஒரு மரியாதை. யாரும் அதைத் திருட்டு என்று நினைத்ததில்லை.

கடைசியாகக் கடல் பக்கத்து மூலைத்தூண். பொழுது சாய்ந்துவிட்டது, கலவை இறுகுகிறது, கலவையை அதிரவைத்து இறக்குகிற வைப்ரேட்டர் சூடேறி நின்று நின்று ஓடுகிறது. அனிட்டா முதல் தூணில் ஈரச்சாக்கு கட்டிக்கொண்டிருந்தாள்.

இருபத்தெட்டு நாளுக்கு முன்பே போக்குத் தெரியட்டும் என்று, ஏழாம் நாள் ஆறில் மூன்று கட்டியை உடைத்தார்கள். அன்றைக்குத்தான் என் மகள் பூங்கோதைக்கு ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. என் முதல் பேத்தி. விரல் ஒவ்வொன்றும் கொடுக்காப்புளி மாதிரி இருந்தது. நான் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்து, சைட்டில் ஒவ்வொருவர் கையிலும் ஜிலேபி வைத்தேன். அண்ணன் ஒன்றை வாயில் போட்டு, "ஒன் மூக்கு மட்டும் வராம இருக்கட்டும்" என்று சொல்லி முடிக்கவில்லை, அனிட்டா உள்ளே வந்தாள். அவள் கையிலும் நான் ஜிலேபி வைத்தேன். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"நாப்பத்தொண்ணு" என்றாள்.

காண்ட்ராக்டர் கை தட்டினார். "ஏழே நாள்லயா! சபாஷ்!"

"லேப்ல இதே சிமெண்டு, இதே மணலு, ஏழு நாள்ல முப்பத்தொண்ணுதான் வந்துச்சு. இங்க பத்து கூட எப்படி வந்துச்சு? யாரு போட்டா சிமெண்ட?"

அண்ணன் ஜிலேபியை விழுங்கினார்.

"நாந்தேன் போட்டேன். நல்லா வரணும்னுதானே போட்டேன்? கொறச்சா போட்டேன்?"

"அய்யோ மேஸ்திரி!" அவள் கத்திய கத்தலில் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "கட்டி தூணுக்குச் சாட்சி. தூண்ல என்ன போச்சோ அதுதான் கட்டியில போகணும். இப்ப அந்த எட்டுத் தூணுக்கும் யாரு சாட்சி சொல்லுவா? மிச்சம் இருக்குற மூணு கட்டியும் குப்பைக்குத்தான். ஒங்கள நம்பிப் போனேன் பாருங்க, என்னச் சொல்லணும்!"

காண்ட்ராக்டர் முகம் மாறிவிட்டது. "ஏலே பால்சாமி, ஒன்னாலதான்டா எனக்குக் கெட்ட பேரு. வேற ஆளப் பாத்துக்கிடுறேன். கெளம்பு." அண்ணன் அச்சில் சிமெண்டைக் கூடப் போடுவதை அவரும் எத்தனையோ வேலையில் பார்த்தவர்தான். அப்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அண்ணன் மேலேயும் ஆத்திரம் வந்தது. நாங்கள் பன்னிரண்டு பேரும் அவர் வாயைப் பார்த்துப் பிழைக்கிறவர்கள்.

அனிட்டா தீர்ப்புச் சொன்னாள். மேலே உத்தரம் போடக் கூடாது. இருபத்தெட்டு நாள் ஆனதும், மூன்று தூணில் துளை போட்டு உள்ளே இருந்து கான்கிரீட்டை உருளையாக எடுத்து உடைத்துப் பார்க்க வேண்டும். அது தோற்றால் இடி.

துளை போட ஆள் வந்த அன்று, கூலிப் பாக்கிக் கணக்குக் கேட்க அண்ணனோடு நாங்களும் போயிருந்தோம். அனிட்டா சாக்பீசால் மூன்று தூணில் வட்டம் போட்டாள். மூன்றும் உள்வரிசைத் தூண். காண்ட்ராக்டருக்கு மூச்சு வந்தது. "இது போதும்மா, நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

அண்ணன் அங்கேயே நின்றார். வட்டத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். துண்டைத் தரையில் அடித்தார்.

"இங்கன குடு அத." சாக்பீசை அவள் கையில் இருந்து பிடுங்கினார். விறுவிறுவென்று போய் மூலைத்தூணில், சுண்ணாம்பு ஒடிகிற மாதிரி அழுத்தி ஒரு வட்டம் போட்டார்.

"இதுல போடு தொளைய."

"ஏய், ஒனக்கென்ன பைத்தியமா?" என்று பாய்ந்தார் காண்ட்ராக்டர். "கணக்க வாங்கிக்கிட்டுப் போய்யா!"

"பேசாம இரும்!" அண்ணன் அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. "கலவ எறங்கல. ஒவ்வொரு அடிக்கும் ஒரு வாளி தண்ணி விட்டேன். நாந்தேன் விட்டேன், பயலுக மேல குத்தமில்ல. மத்த ஏழுலயும் அந்தம்மா சொன்ன தண்ணிதேன். இந்த ஒண்ணுல விட்டேன்."

அனிட்டா அண்ணனுக்கு நேரே வந்து நின்றாள். முகமெல்லாம் ஆத்திரம். "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? ஈரத்தோட வழிச்சுப் போட்டிருக்கலாம்ல?"

"சொல்லல. இப்பச் சொல்றேன். தொளையப் போடு."

உள்வரிசையில் எடுத்தது முப்பத்தாறு, முப்பத்தெட்டு, முப்பத்தைந்து என்று வந்தது. துளைத்து எடுத்ததற்கு அது போதுமாம். அந்த ஏழும் தப்பித்தன. மணல் மாதிரி இருக்கிறதென்று அண்ணன் வைத கலவை. மூலைத்தூண் இருபத்திரண்டு.

அதை இடிக்க காண்ட்ராக்டர் வெளியாள் தேடினார். அண்ணன் விடவில்லை. சம்மட்டியும் உளியும் கொண்டுவந்தார். பாண்டீஸ்வரன் கை கொடுக்கப் போனதற்கு, "தள்ளிப் போலே!" என்று உதைக்காத குறை. அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் ஒரு வசவு. சிமெண்டை வைதார், மழையை வைதார், வைப்ரேட்டரை வைதார், கடைசியில் தன் பேரையே சொல்லி வைதார். கம்பியில் அடி படாமல் பார்த்துப் பார்த்துக் கொத்தினார். சாயங்காலம் கை இரண்டும் கொப்புளம். அனிட்டா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "அளந்து குடுத்தியா?" என்று முறைத்துக்கொண்டே வாங்கினார்.

புதுத் தூணை அவரே போடட்டும் என்று அவள்தான் காண்ட்ராக்டரிடம் நின்று சண்டை போட்டாள். ஒரு நிபந்தனை: அச்சுப் பக்கம் அவர் வரக் கூடாது. அண்ணன் அதற்கும் கோபப்பட்டார். ஆனாலும் அந்தப் பக்கம் போகவில்லை. அன்றைக்கு அச்சில் கலவையைக் குத்தியது அனிட்டா. அண்ணன் பத்தடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

வெயில் ஏறியதும் காண்ட்ராக்டர் கையில் ஹோஸ் பைப்போடு வந்தார். "இறுகுது பால்சாமி. லேசாத் தெளிச்சுக்க."

அண்ணன் பைப்பைப் பிடுங்கி, மடக்கி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"தண்ணி வேணும்னா கடலுக்குப் போங்க மொதலாளி. இங்கன மூட்டைக்கு இருவத்தொண்ணு."

ஏழாம் நாள் முப்பத்தொன்று வந்தது. லேப்பில் வந்த அதே முப்பத்தொன்று. அண்ணன் துண்டை அடித்தார். "எம்புட்டு அடி அடிச்சும் முப்பத்தொண்ணுதானா?"

"அதுதான் மேஸ்திரி வேணும்."

அவர் என்னிடம் வந்து கையை நீட்டினார். "அன்னைக்குத் தின்ன ஜிலேபி தொண்டையிலயே நின்னுபோச்சு செவ்வந்தி. ஒம் பேத்தி பேரச் சொல்லி இன்னொண்ணு குடு."